ரோட்டர் லாக் போட்ட பிறகும் ஹப் வேலைக்குக் காற்று வரம்பு எதற்கு?

ஏணிப்படி22

வணக்கம். காற்றாலை சர்வீஸில் எனக்கு இது மூன்றாவது வருஷம். போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

80 மீட்டர் டவர். மூன்று பிளேடும் சேரும் ஹப்புக்குள், பிளேடைத் திருப்பும் பிட்ச் பேட்டரிகளை மாற்றும் வேலை. மேலே நானும் ஒரு சீனியர் அண்ணனும். கீழே வண்டியோடு மூன்றாவது ஆள். ஏறுவதற்கு முன் திரையில் பத்து நிமிட சராசரி விநாடிக்கு 8.5 மீட்டர், திடீர் வீச்சான கஸ்ட் 10. எங்கள் மேனுவலில் ஹப் வேலைக்கு வரம்பு 12. மெஷினை நிறுத்தி, சர்வீஸ் மோடுக்கு மாற்றி, மூன்று பிளேடையும் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி ஃபெதரில் வைத்து, பிரேக் போட்டு, ரோட்டரைச் சுற்றவிடாமல் பிடிக்கும் ரோட்டர் லாக் ஊசி இரண்டையும் கடைசி வரை தள்ளி, ஆளுக்கொரு பூட்டு மாட்டிய பிறகுதான் உள்ளே போனோம். அதில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டு மணி நேரத்தில் இரண்டு பிளேடு முடிந்தது. கீழே இருந்தவர் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு, "சராசரி 11.8, கஸ்ட் 15" என்றார். அண்ணன், "இன்னும் 12 தாண்டலையே, இதையும் முடிச்சிட்டே இறங்கிடுவோம்" என்றார். நானும் சரி என்றேன். கொஞ்ச நேரத்தில், 11:40 இருக்கும், பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். முகமெல்லாம் வெளுத்துப்போய்ச் சரிந்துவிட்டார். நினைவு இருந்தது, கை காலில் பலம் இல்லை. உள்ளே அவ்வளவு வெக்கை.

அவரைத் தரைக்குக் கொண்டுவர 12:32 ஆகிவிட்டது. 52 நிமிஷம். இப்போது நன்றாக இருக்கிறார்.

கேள்வி இதுதான். ஊசி கனமான இரும்பு. 12-ல் தாங்குவது 13-ல் ஒடிந்துவிடப் போவதில்லை. பிறகு அந்த வரம்பு எதற்காக? 11.8 என்று கேட்டபோதே நாங்கள் வெளியே வந்திருக்க வேண்டுமா?

இரும்புச்சிறகு

தம்பி, டவருக்குள் ஏணி ஏறும்போது காற்றுக்கு என்ன பயம்? நாலு பக்கமும் மூடியிருக்கிறது. மேலே போகப் போக டவர் ஆடுவது தெரியும், அவ்வளவுதான். ஏறுவதில் பயப்பட வேண்டியது வேறு. நான் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் டவரில் கிளைம்ப் அசிஸ்ட் உண்டு. பெல்ட்டை ஹார்னஸில் மாட்டினால் முப்பது நாற்பது கிலோ எடையை அதுவே மேலே இழுத்துக்கொள்ளும். அன்று பெல்ட்டை மாட்டினேன், நெஞ்சில் இழுவை தெரிந்தது, ஏற ஆரம்பித்துவிட்டேன். முதல் மேடையைத் தாண்டும்போது பின்னால் நின்ற சீனியர் கத்தினார். விழுந்தால் பிடிக்கும் ஃபால் அரெஸ்டர் ரெயிலில் இல்லை, இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் இழுத்ததால் மாட்டியிருக்கிறேன் என்று உடம்பே நம்பிவிட்டது. கை விட்டிருந்தால் அந்த பெல்ட் என்னைப் பிடித்திருக்காது. அன்றிலிருந்து முதலில் அரெஸ்டரை மாட்டி, ஒரு படி ஏறி, வேண்டுமென்றே பின்னால் சாய்ந்து, அது பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அசிஸ்ட் பெல்ட்டைத் தொடுவேன்.

ஏணிப்படி22

நன்றி அண்ணா, இது எனக்கும் உதவும். ஆனால் நான் கேட்டது ஏறுவதைப் பற்றி இல்லை. ஹப்புக்குள் வேலை செய்யும்போது உள்ள வரம்பு பற்றி.

தென்றல்காரன்

நேரடியாகச் சொல்கிறேன். மூன்று பிளேடும் ஃபெதரில் இருந்தால் ரோட்டரைச் சுற்ற வைக்கும் விசையே கிட்டத்தட்ட கிடையாது. அதற்கு மேல் பிரேக். அதற்கும் மேல் இரண்டு ஊசி. மூன்று அடுக்குப் பாதுகாப்பு. மேனுவல் எழுதுகிறவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு எண்ணைப் போட்டு வைப்பார்கள். 12-க்கும் 13-க்கும் இரும்புக்கு வித்தியாசம் தெரியாது. உன் அண்ணன் சொன்னது தப்பில்லை.

முகில்தடம்

17 வருஷமாக இந்த வேலை, அதில் கடைசி ஆறு வருஷம் மீட்புப் பயிற்சி கொடுக்கிறேன். தென்றல்காரன் சொன்னதில் பாதி சரி. மற்ற பாதிதான் ஆளைக் கொல்லும்.

முதலில் பிரேக். பெரும்பாலான கியர்பாக்ஸ் மெஷின்களில் பிரேக் டிஸ்க் இருப்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால், வேகமாகச் சுற்றும் ஷாஃப்டில். ரோட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவே கியர்பாக்ஸின் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பல் உடைந்தாலோ கப்ளிங் விட்டாலோ பிரேக் தன் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், ரோட்டர் தன் பாட்டுக்குச் சுற்றும். ஆகவே ஹப்பில் ஆள் இருக்கும்போது பிரேக்கை ஓர் அடுக்காகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஊசி மட்டும்தான் மெயின் ஷாஃப்ட் பக்கமே நின்று ரோட்டரை நேராகப் பிடிக்கிறது.

அடுத்தது ஃபெதர். காற்று நேர் முன்னால் இருந்து வரும்வரை அவர் சொன்னது சரி. ஆனால் ஊசி போட்ட பிறகு டவர் உச்சியில் உள்ள நாசெல் காற்றைப் பார்த்துத் திரும்பாது, அதைத் திருப்பும் யா மோட்டாரையும் பூட்டித்தானே போனீர்கள்? இரண்டு மணி நேரத்தில் காற்று 40 டிகிரி விலகி வரலாம். அப்போது ஃபெதரில் இருக்கும் பிளேடு தன் அகன்ற முகத்தைக் காற்றுக்குக் காட்டும். மேலே நிற்கும் பிளேடை ஒரு பக்கம் தள்ளும் காற்று கீழே உள்ள இரண்டையும் அதே பக்கம் தள்ளுவதால், சுழற்சியில் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். முழுசாக அல்ல, ஏனென்றால் மேலே காற்று அதிகம், கீழே குறைவு. அந்த மிச்சம்தான் ஊசியில் விழுகிறது. மூன்றில் ஒரு பிளேடு மட்டும் ஃபெதரில் இல்லாமல் இருந்தால் ஈடுகட்டுவதே போய்விடும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 8.5-லிருந்து 11.8 என்றால் காதுக்கு மூன்று மீட்டர்தான் கூடியது போல இருக்கும். விசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கஸ்ட் 10-லிருந்து 15 என்றால் இரண்டேகால் மடங்கு.

ஏணிப்படி தம்பி, இரண்டு கேள்வி. உள்ளே இருந்தபோது ஏதாவது சத்தம் கேட்டதா? ஏதாவது பிளேடைத் திருப்பிச் சோதித்தீர்களா?

ஏணிப்படி22

இரண்டும் நடந்தது.

இரண்டாவது பிளேடுக்குப் பேட்டரி மாற்றியதும், பேட்டரியில் பிளேடு திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்த்தோம். சுமார் 20 டிகிரி வெளியே வந்தது. அதைத் திருப்பி வைப்பதற்குள் மூன்றாவது பெட்டியைத் திறந்துவிட்டோம். "கடைசியில மூணையும் சேர்த்து ஓட்டிக்கலாம்" என்றார் அண்ணன்.

சத்தம், ஆமாம். பதினொன்றரை மணிக்கு மேல் ஊசிப் பக்கம் "டொக்" என்று கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடி "டொக்". யாரோ வெளியே இருந்து கட்டையால் தட்டுவது போல. பாதத்தில் லேசாக அதிர்ந்தது. பேட்டரி பெட்டியின் கதவுதான் அடிக்கிறது என்று நினைத்து அதை டேப் போட்டு ஒட்டினேன். சத்தம் நிற்கவில்லை.

முகில்தடம்

அது கதவு இல்லை. ஊசிக்கும் மெயின் ஷாஃப்ட் பக்கத்து டிஸ்க்கில் உள்ள துளைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும், இல்லாவிட்டால் ஊசியை உள்ளே தள்ளவே முடியாது. காற்று லேசாக இருக்கும்போது ரோட்டர் அந்த இடைவெளியின் ஒரு பக்கம் சாய்ந்து அமைதியாக நிற்கும். கஸ்ட் வந்து விசையின் திசை மாறினால் மறு பக்கம் போய் இடிக்கும். நீ கேட்ட ஒவ்வொரு "டொக்"கும் ரோட்டர் முழுசும் ஊசியில் மோதியது. நின்ற சுமையை விட மோதும் சுமை ஊசிக்கு மோசமானது. இந்தச் சத்தம் கேட்டால் திரையில் என்ன எண் இருந்தாலும் நான் ஆளை வெளியே எடுத்துவிடுவேன்.

மேனுவலை எடுத்து அந்த அட்டவணையை மறுபடி பார். பல மாடல்களில் ஹப் வேலைக்கு ஒரே எண் இருக்காது. எல்லா பிளேடும் ஃபெதரில் என்றால் ஒன்று, ஒரு பிளேடு வெளியே என்றால் அதை விடக் குறைவு.

ஏணிப்படி22

பார்த்துவிட்டேன். 12 என்பது "மூன்று பிளேடும் ஃபெதரில்" என்ற வரிக்கு. அடுத்த வரி, "ஒரு பிளேடு ஃபெதருக்கு வெளியே": 10. பக்கத்தின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் இருவரும் முதல் வரியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தோம். அப்படியானால் 11.8 என்று கேட்டபோதே வரம்பைத் தாண்டித்தான் உட்கார்ந்திருந்தோம்.

சுருள்கம்பி

நான் எலக்ட்ரிக்கல் ஆள். காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்த 11.8-ஐ எது அளந்தது என்று யாரும் கேட்கவில்லையே. காற்றுமானி நாசெல் கூரையின் பின்பக்கம், ரோட்டருக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது பிளேடுகள் கலைத்துவிட்ட காற்றைத்தான் அது பார்க்கும், அதற்கேற்ப கண்ட்ரோலர் ஒரு திருத்தம் போடும். ரோட்டர் நின்ற பிறகு அந்தத் திருத்தத்துக்கு அதே அர்த்தம் இல்லை. காற்று பக்கவாட்டில் வந்தால் நாசெலே மறைக்கும். 11.8-க்கும் 12-க்கும் நடுவே உள்ள பத்தில் இரண்டு பங்கை வைத்து அந்தக் கருவியை நம்பி விளையாடக் கூடாது.

இன்னொன்று. மெயின் சப்ளையை அணைத்துப் பூட்டினால் ஹப் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிட்ச் பேட்டரி பெட்டி என்பதே சப்ளை போனால் பிளேடைத் திருப்ப வைத்திருக்கும் சேமிப்பு. சில மாடலில் கெப்பாசிட்டர், ஹைட்ராலிக் மாடலில் அக்குமுலேட்டர். வெளியே எத்தனை பூட்டு போட்டாலும் அவை உள்ளே உயிரோடு இருக்கும். அந்தந்தப் பெட்டியின் ஸ்விட்சைத் தனியாக இறக்கிப் பூட்டி, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவை ஏன் என்றால், நடுவில் டெஸ்டரே செத்திருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும். ஆள் கை வைக்கும் பிளேடில், அது திரும்பாமல் பிடிக்கும் பிட்ச் லாக்கும் இருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு வந்தது வெறும் வெக்கைதானே? ஷாக் இல்லையே?

ஏணிப்படி22

ஷாக் இல்லை, டாக்டரே வெப்பச் சோர்வு என்று சொல்லிவிட்டார். காலையில் இருந்து அவர் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை.

மீட்டதையும் எழுதிவிடுகிறேன், அதில் எங்கே நேரம் போனது என்று சொல்லுங்கள்.

அவர் 85 கிலோ. எங்கள் மாடலில் ஹப்புக்கும் நாசெலுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற வழி. தனியாக இழுத்துப் பார்த்தேன், ஒரு அடி நகர்த்த முடியவில்லை. ரெஸ்க்யூ பை நாசெலின் பின்பக்கம், கிரேன் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீரால் துடைத்துவிட்டு, பையை எடுக்கப் போய்வந்தேன். கீழே இருந்தவர் உடனே ஏறினார், வந்துசேர 18 நிமிஷம் ஆனது. வந்தவருக்கே மூச்சு வாங்கியது. தூக்கும் சக்கரத்தை நாசெல் பக்கத்து ஆங்கரில் மாட்டி, அவர் ஹார்னஸில் கொக்கி போட்டு, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, நான் உள்ளிருந்து தலையையும் தோளையும் பிடித்துத் தள்ளினேன். அவருடைய டூல் பெல்ட் ஓரத்தில் மாட்டிக்கொண்டது, அதை அறுத்து எடுத்தேன். நாசெலுக்குள் வந்தபோது 12:12. கியர்பாக்ஸ் மேலாகப் பின்பக்கம் கொண்டுபோய், கிரேன் கதவைத் திறந்து, ஆளைக் கயிற்றில் மெதுவாக இறக்கும் டிசென்டரை மாட்டி, அவரைக் கதவுக்கு வெளியே விட்டபோது 12:30. கயிறு இறங்கியது ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

மூன்றாவது ஆள் மேலே வந்துவிட்டதால் கீழே யாரும் இல்லை. நல்ல வேளையாகப் பக்கத்து மெஷினில் இருந்த டீம் வாக்கி-டாக்கியில் கேட்டு வந்துவிட்டது. அவர்கள் அடிக்கயிற்றைப் பிடிப்பதற்குள் காற்று அவரை டவர் பக்கம் தள்ளி, தோள் உரசிவிட்டது. மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை.

முகில்தடம்

உன் முதல் கேள்விக்குப் பதில் நீ எழுதிய இந்த இடுகையிலேயே இருக்கிறது.

ஹப் வரம்பில் ஊசியின் பலம் ஒரு பங்குதான். உள்ளே ஒருவர் விழுந்தால் அவரை வெளியே எடுத்துக் கயிற்றில் இறக்கும் நேரம் முழுக்க காற்று எந்த அளவில் இருக்கும் என்பது இன்னொரு பங்கு. 52 நிமிஷம் உனக்குத் தேவைப்பட்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றில் தொங்கும் ஆள் 80 மீட்டர் ஊசல், 15 கஸ்டில் அவரை டவரிலிருந்து விலக்கி வைக்கக் கீழே அடிக்கயிறு பிடிக்க ஆள் வேண்டும். ஆகவே நான் என் டீமுக்குச் சொல்வது: உள்ளே போகும் முன், "இப்போதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருவரைக் கயிற்றில் விட முடியுமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று ஏறுகிற போக்கில் இருந்தால் வரம்புக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே வெளியே வந்துவிடுவோம். இது எங்கள் பழக்கம், மேனுவலில் உள்ள எண் இல்லை.

நேரம் எங்கே போனது என்று கேட்டாய். பை பின்னால் இருந்தது ஒன்று. ஹப்புக்குள் ஆள் இருக்கும்வரை பை ஹப் வாசலில் இருக்க வேண்டும், தூக்கும் சக்கரம் ஆங்கரில் ஏற்கெனவே மாட்டி. உள்ளே போவதற்கு முன் மாட்ட ஐந்து நிமிஷம். ஆள் விழுந்த பிறகு, நடுங்கும் கையோடு, பதினைந்து நிமிஷம். டூல் பெல்ட் இன்னொன்று. அந்த வழியில் நுழையும்போதே கழற்றி உள்ளே தள்ளிவிட்டுப் போனால் வெளியே வரும்போதும் அது இடுப்பில் இருக்காது.

இன்னொன்றும் பார். அவரை டிசென்டரில் விட்ட பிறகு மேலே உங்கள் இருவருக்கும் இறங்க வேறு டிசென்டர் இருந்ததா? ஏணி இருக்கிறதே என்று சொல்லலாம். 2013 அக்டோபரில் நெதர்லாந்தின் ஓல்ட்கென்ஸ்பிளாட்டில் நாசெல் தீப்பிடித்தபோது ஏணிப் பக்கம் போகவே வழியில்லாமல் இரண்டு டெக்னீஷியன்கள் மேலே மாட்டிக்கொண்டார்கள், இருவரும் இறந்தார்கள். ஆள் இருக்கும் இடத்தில் இறங்கும் வழியும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

தென்றல்காரன்

பிரேக் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கியர்பாக்ஸ் நடுவில் இருப்பதை அப்படி யோசித்ததில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஹார்னஸில் தொங்கி இறங்கியவரை உடனே படுக்க வைக்கக் கூடாது. காலில் தேங்கிய ரத்தம் ஒரே நேரத்தில் இதயத்துக்குப் போய் நின்றுவிடும். முட்டியை மடக்கி அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது இது. கீழே என்ன செய்தார்கள்?

ஏணிப்படி22

கீழே வந்ததும் படுக்க வைத்துவிட்டார்கள். தப்பா?

முகில்தடம்

தப்பில்லை, சரியாகத்தான் செய்தார்கள். தென்றல்காரன் சொல்வது ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுத்தது. நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புக்காக 2009-ல் அதுவரை இருந்த ஆதாரங்களை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். உட்கார வைப்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மயங்கியவரை உட்கார வைப்பதே அவருக்குக் கெடுதல் என்று, வழக்கமான முதலுதவியையே பரிந்துரைத்தார்கள். படுக்க வை, மூச்சு வழியைப் பார், வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பு.

தொங்குவது ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. அசையாமல் தொங்கினால் சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவு உள்ளவர் காலுக்கு ஸ்ட்ராப் போட்டு அதில் மிதித்து நின்று, கெண்டைக்காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கியவரால் அது முடியாது. அதனால்தான் அவரைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டு முடிச்சைச் சரிபார்க்கக் கூடாது. எல்லாம் சரிபார்த்த பிறகே எடை கயிற்றுக்குப் போக வேண்டும். ஒன்றரை நிமிஷ இறக்கத்தில் பயம் இல்லை. நடுவில் சிக்கி நின்றால்தான் பயம்.

களப்பொறுப்பு

நான் ஒரு தளத்தின் பொறுப்பில் இருக்கிறேன். இதைப் படித்தால் எல்லாரும் "மேலே மூன்று பேர் வேண்டும்" என்று முடிப்பீர்கள் என்று தெரிகிறது. என் பக்கத்தையும் சொல்கிறேன். ஹப் வழியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். மூன்றாவது ஆள் நாசெலில் நாள் முழுக்கச் சும்மா நிற்பார், மேலே வெக்கையில் நிற்கும் ஆள் இன்னும் ஒன்று கூடும். சும்மா நிற்கும் ஆள் சும்மா நிற்க மாட்டார், வேறு ஏதாவது பேனலைத் திறப்பார், அதற்கு இன்னொரு பூட்டு. கீழே ஆள் இல்லாவிட்டால் அடிக்கயிறு யார் பிடிப்பது, ஆம்புலன்ஸுக்கு வழி யார் காட்டுவது? இந்தச் சம்பவத்திலேயே கீழே ஆள் இல்லாததால்தானே தோள் உரசியது?

முகில்தடம்

நியாயமான கேள்வி, ஆனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 18 நிமிஷம் ஏறி வந்தவர் வந்ததும் சக்கரம் சுற்றினார், அவருக்கே மூச்சு வாங்கியது. நாசெலில் ஏற்கெனவே ஒருவர் இருந்திருந்தால் 12:12 என்பது 11:55 ஆகியிருக்கும். ஹப் வேலைக்கு மேலே மூன்று, கீழே ஒன்று. அதற்குக் குறைவாக நான் அனுப்ப மாட்டேன்.

களப்பொறுப்பு

நான்கு பேர் எல்லாத் தளத்திலும் கிடைக்க மாட்டார்கள். கிடைக்காத நாளில் ஹப் வேலையை வேறு நாளுக்குத் தள்ளுவேன், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் எல்லா ஹப் வேலைக்கும் நான்கு என்று விதி போட்டால் ஆட்கள் அவசரத்தில் விதியையே விட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். பேட்டரி தூக்கும் வேலைக்கு நான்கு, சென்சார் மாற்றும் வேலைக்கு மூன்று என்று பிரிப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

இரும்புச்சிறகு

சென்சார் மாற்றப் போகிறவருக்கு மயக்கம் வராதா?

களப்பொறுப்பு

வரலாம். அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை.

சுருள்கம்பி

இன்னொரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். அண்ணன் போட்ட பூட்டு என்ன ஆனது? அதன் சாவி அவர் பையில்தானே?

ஏணிப்படி22

இதைத்தான் எழுதத் தயங்கினேன். அவர் பூட்டு ரோட்டர் லாக்கிலும் பிட்ச் பெட்டியிலும் அப்படியே இருந்தது. என் பூட்டும் இருந்தது. சாவி அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மறுநாள் வேறொரு டீமை அனுப்பி, கட்டர் வைத்து அவர் பூட்டை அறுத்து, மெஷினை ஓட்டிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு என் பூட்டை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது பிளேடு ஃபெதருக்கு வெளியே நிற்கிறது, மூன்றாவது பெட்டி பாதியில் திறந்து கிடக்கிறது என்று நான்தான் போனில் சொன்னேன். அவர்களிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

சுருள்கம்பி

பூட்டு என்பது ஒரு ஆள் உள்ளே இருக்கிறார் என்ற செய்தி. அதோடு, வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்தவர் அவர்தான் என்ற செய்தியும். அறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால் வேறு வழியில்லை. எங்கள் தளத்தில் முறை இது. பூட்டின் சொந்தக்காரர் டவரில் இல்லை என்று பொறுப்பாளர் நேரில் உறுதி செய்ய வேண்டும். அவரிடமே பேச முயல வேண்டும், பேச முடிந்தால் எதை எங்கே விட்டார் என்று கேட்டு எழுத வேண்டும். ஒருவர் மேலே போய் ஹப்பைக் கண்ணால் பார்த்து வர வேண்டும், பூட்டைத் தொடாமல். எல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகு, பொறுப்பாளர் முன்னிலையில் அறுக்க வேண்டும். அவர் வேலைக்குத் திரும்பும் நாளில், ஏறுவதற்கு முன்பே, உங்கள் பூட்டு இப்போது அங்கே இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தன் பூட்டு இருக்கிறது என்று நம்பி நேராகப் பெட்டிக்குள் கை விடுவார்.

முகில்தடம்

இதற்கு மேல் நான் சேர்ப்பது ஒன்றுதான். அந்த ஊசிகளை வெளியே எடுத்தபோது யாராவது பார்த்தார்களா? எடுக்கும்போது இறுக்கமாக இருந்ததா?

ஏணிப்படி22

எடுத்த டீமில் ஒருவரிடம் கேட்டேன். ஒன்று கையாலேயே வந்துவிட்டதாம். மற்றது வரவில்லை, ரோட்டரைக் கொஞ்சம் அசைத்துச் சுமையை இறக்கிய பிறகுதான் வந்ததாம். ஊசியின் ஒரு பக்கம், விரல் நகம் அகலத்துக்கு, பளபளவென்று தேய்ந்த தடம் இருந்ததாகச் சொன்னார். துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டார்கள்.

முகில்தடம்

அந்தத் தடம் எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுக்கச் சொல். நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் ஊசி கடைசி வரை போகவில்லை, துளையின் விளிம்பில் மட்டும் நின்றிருக்கிறது. நடுவில் இருந்தால் முழுசாகப் போயிருக்கிறது. டிஸ்க்கில் உள்ள துளையின் விளிம்பையும் பார்க்கச் சொல், பிதுங்கியிருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று. இரண்டையும் பார்த்து எழுதும்வரை அந்த மெஷினில் யாரும் ஹப்புக்குள் போகக் கூடாது என்று உன் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடு. போனில் சொல்லாதே.

ஏணிப்படி22

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். கிரேன் கதவுக்குப் பக்கத்தில் வைக்கும் பையை ஹப் வாசலுக்கு மாற்றச் சொல்லியும் சேர்த்திருக்கிறேன். அண்ணனிடம் போனில் பேசினேன். திங்கட்கிழமை வருகிறார். அவருடைய பூட்டு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அட்டவணையின் இரண்டாவது வரியையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டொக் சத்தம் எனக்கும் கேட்டுச்சுடா" என்றார்.